டி.ஓ. மின்னஞ்சல் தாமதமாவது எங்கே: புஷ் முறையும் இடைவெளிச் சோதனையும் ஓர் ஒப்பீடு

விண்டோஸ் கணினியில் இயங்கும் பழைய வகை அவுட்லுக், யாரும் மாற்றாத வரை, 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான் சர்வரிடம் புதிய அஞ்சல் உண்டா என்று கேட்கும். தண்டர்பேர்டில் அந்த இடைவெளி 10 நிமிடம். அஞ்சல்கள் எந்த நேரத்திலும் வரக்கூடியவை என்பதால், 30 நிமிட இடைவெளியில் ஓர் அஞ்சல் சராசரியாக 15 நிமிடமும், வாய்ப்பு மோசமாக இருந்தால் முழு 30 நிமிடமும் சர்வரிலேயே கிடக்கும். வீட்டில் இது ஒரு பொருட்டல்ல. சென்னை மண்ணடியிலோ தம்புச் செட்டித் தெருவிலோ இயங்கி, துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இது பணத்தைத் தொடும் விஷயம். சரக்கை ஒப்படைக்கக் கப்பல் நிறுவனம் தரும் டெலிவரி ஆர்டர், அதாவது டி.ஓ., அஞ்சலில்தான் வருகிறது. அதன் நகல் கைக்கு வந்தால்தான் கன்டெய்னர் சரக்கு நிலையமான சி.எஃப்.எஸ். வாசலில் நிற்கும் டிரெய்லர் உள்ளே போக முடியும். அன்றைக்கு கன்டெய்னர் வெளியே வராவிட்டால், அதைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்கான டிடென்ஷன் கட்டணம் ஒரு நாளுக்கு ஏறும்.

இதைவிடக் கண்ணில் படாத இழப்பு ஒன்று உண்டு. கப்பல் சரக்குக்கான ரசீதாகிய பி.எல்.லின் டிராஃப்டைத் திருத்தும் வேலையில் அஞ்சல் ஒரு முறை வந்து முடிவதில்லை. சரக்கு விவரத்தில் ஒரு பிழை, பெறுநர் முகவரியில் ஒரு பிழை, எடையில் ஒரு சந்தேகம் என்று நான்கு சுற்றுப் போய் வந்தால், நம் பக்கம் மட்டுமே ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 15 நிமிடம் வீணாகி, மொத்தம் ஒரு மணி நேரம் கரைந்துவிடுகிறது. எதிர்முனையிலும் அதே 30 நிமிடம் இருந்தால் இரண்டு மணி நேரம். அஞ்சல் ஒவ்வொன்றும் சற்றே தாமதமாகத்தான் தெரிகிறது; மாலையில் ஆவணம் கொடுக்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் தவறியபோது, காலையிலிருந்து கரைந்த நேரம் யார் கணக்கிலும் இருப்பதில்லை.

இதற்கு மருந்தாக வழக்கமாகச் சொல்லப்படுபவை இரண்டு. இடைவெளியைக் குறைப்பது ஒன்று. சர்வரே தகவல் சொல்லும் புஷ் முறைக்கு மாறுவது மற்றொன்று. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுவதில்தான் பெரும்பாலான அலுவலகங்களின் முடிவு பிசகுகிறது என்பது என் எண்ணம். எந்த அஞ்சல் பெட்டிக்கு, எந்தக் கணினியில், எந்த இணைய வழியில் என்று பிரித்துப் பார்த்தால் விடை வேறாகிறது. அதற்கு முன், தாமதம் உண்மையில் இடைவெளியால்தான் வருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அஞ்சலின் தலைப்புப் பகுதி இதைச் சொல்லிவிடும். தண்டர்பேர்டில் அஞ்சலைத் திறந்து Ctrl+U அழுத்தினால் அது முழுமையாகத் தெரியும். பழைய அவுட்லுக்கில் அஞ்சலைத் தனிச் சாளரத்தில் திறந்து File, பிறகு Properties என்று போனால் அடியில் "Internet headers" என்ற கட்டம் இருக்கும். அதில் Received என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே சேர்த்துக்கொண்டே போகிறது. எடுத்துக்காட்டாக:

```
Received: from mx.sender.example by mail.example.com;
  Tue, 11 Feb 2025 15:08:41 +0530
Received: from app7.sender.example by mx.sender.example;
  Tue, 11 Feb 2025 09:38:36 +0000
```

கீழ் வரியின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரப்படி பிற்பகல் 3:08:36. மேல் வரி 3:08:41. ஆக, அனுப்பியவரிடமிருந்து நம் சர்வருக்கு வர ஐந்து நொடிதான் ஆகியிருக்கிறது. திரையில் அது 3:34-க்குத் தோன்றியது என்றால் மீதி 25 நிமிடமும் நம் கணினி கேட்காமல் இருந்த நேரம். மாறாக, இரண்டு வரிகளுக்கு நடுவிலேயே 15 அல்லது 20 நிமிட இடைவெளி தெரிந்தால், அறியாத சர்வரை முதல் முறை திருப்பி அனுப்பி மறுமுறை வரச்சொல்லும் கிரேலிஸ்டிங் போன்ற ஏதோ ஒன்று வழியில் இருக்கிறது. அதற்கு நம் கணினியில் எதை மாற்றியும் பயனில்லை. சர்வரைப் பராமரிப்பவரிடம்தான் பேச வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அஞ்சல் பட்டியலில் தெரியும் நேரம் அஞ்சல் அனுப்பப்பட்ட நேரமாகவோ சர்வரை அடைந்த நேரமாகவோ இருக்கும். கணினிக்குள் இறங்கிய நேரம் அங்கே காட்டப்படுவதில்லை. அதனால் மாலையில் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் முதலாளிக்கு, டி.ஓ. 3:08-க்கே வந்திருக்க குமாஸ்தா அரை மணி நேரம் கவனிக்காமல் இருந்தார் என்றே தோன்றும். திரையில் அறிவிப்பு தோன்றிய நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஒப்பிட்டால் தவிர இந்தப் பழி தீராது.

தாமதம் இடைவெளியால்தான் என்று தெரிந்துவிட்டால், எல்லோரும் முதலில் செய்வது அந்த எண்ணைக் குறைப்பதுதான். அவுட்லுக்கில் Ctrl+Alt+S அழுத்தி, "Schedule an automatic send/receive every" என்ற வரியில் 30-ஐ அழித்து 1 என்று போடுவது ஒரு நிமிட வேலை. அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் கணக்கில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அஞ்சலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கில், அதிலும் ஒரே பெட்டியை மூன்று மேசைகள் பகிரும் அலுவலகத்தில், அந்த 1 புதிய தொல்லைகளைக் கொண்டுவருகிறது.

பாப் நெறிமுறையில் ஒவ்வொரு சோதனையும் ஒரு முழுச் சடங்கு: புதிதாக இணைப்பு, மறையாக்கப் பரிமாற்றம், கடவுச்சொல், அஞ்சல்களின் அடையாளப் பட்டியல், பிறகு விடைபெறுதல். அஞ்சல்களைச் சர்வரிலேயே விட்டுவைக்கும் அமைப்பு இருந்தால், எவை புதியவை என்று அறிய அந்தப் பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் 9,000 அஞ்சல்கள் இருந்து, ஒரு வரிக்குச் சுமார் 30 பைட் என்று கொண்டால், ஒரு சோதனைக்கு ஏறத்தாழ 270 கிலோபைட். நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஒன்பது மணி நேர வேலை நாளில் 540 சோதனைகள். ஒரு கணினிக்கு 146 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று கணினிகளுக்கு 440-ஐ நெருங்கும். புதிய அஞ்சல் ஒன்றுகூட வராத நாளிலும் இவ்வளவு. பிராட்பேண்டில் இது தெரியாது. மின்தடையின்போது கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால், அன்றைய டேட்டாவில் கணிசமான பங்கை இந்தப் பட்டியலே தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் பூட்டு. பாப் நெறிமுறையின்படி ஒருவர் உள்ளே இருக்கும்போது பெட்டி அவருக்கென்று பூட்டப்படுகிறது. முதல் மேசை 15 மெகாபைட் ஸ்கேன் கோப்புகளை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தால், இரண்டாம் மேசையின் சோதனையை `-ERR [IN-USE]` என்று சர்வர் மறுக்கலாம். அந்த மறுப்பைச் சில மென்பொருள்கள் கடவுச்சொல் கேட்கும் கட்டமாகக் காட்டுகின்றன. பயனர் பதற்றத்தில் தவறான சொல்லை இரண்டு மூன்று முறை அடிக்க, சர்வர் அலுவலகத்தின் ஐ.பி. முகவரியையே சிறிது நேரம் தடை செய்துவிடும். 30 நிமிட இடைவெளியில் மூவரும் மோதுவது அரிது. 1 நிமிட இடைவெளியில் அது அன்றாடம். பகிரும் பாப் பெட்டிக்கு 5 நிமிடத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே கணினி மட்டும் திறக்கும் சிறிய பெட்டியாக இருந்தால் 2 நிமிடம் வைத்தாலும் பாதகமில்லை.

புஷ் முறையைப் பொறுத்தவரை பாப்புக்கு விடையே இல்லை. அந்த நெறிமுறையில் சர்வர் தானாக எதையும் சொல்ல வழியில்லை. எனவே புஷ் வேண்டும் என்று முடிவெடுப்பது, ஐமேப்புக்கு மாறுவது என்ற முடிவையும் சேர்த்தே எடுப்பதாகும். மாறுவதற்கு விலை உண்டு. பழைய கணக்கை அப்படியே வகை மாற்ற முடியாது, புதிய கணக்காகச் சேர்க்க வேண்டும். பாப்பில் இறக்கிச் சர்வரிலிருந்து நீக்கிய பழைய அஞ்சல்கள் அந்தக் கணினியின் கோப்பில் மட்டுமே இருக்கும். இனி எல்லாம் சர்வரிலேயே குவிவதால், சிறிய ஹோஸ்டிங் திட்டத்தின் இடம் ஸ்கேன் கோப்புகளால் சில மாதங்களில் நிரம்பலாம், நிரம்பினால் வரும் அஞ்சல் திருப்பி அனுப்பப்படும். ஆண்டு முடிந்ததும் பழையவற்றை உள்கோப்புறைக்கு இறக்கும் பழக்கம் இல்லாத அலுவலகம், தாமதத்தை விற்றுத் தொல்லையை வாங்கியது போல் ஆகிவிடும்.

ஐமேப்பின் புஷ் என்பது `IDLE` என்ற ஒரு கட்டளை. 1997-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2177 அதை வரையறுத்தது. கணினி ஒரு கோப்புறையைத் திறந்து அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு இணைப்பை மூடாமல் காத்திருக்கிறது. அஞ்சல் வந்த கணமே சர்வர் அந்தத் திறந்த இணைப்பில் ஒரு வரி அனுப்புகிறது. கணினி எழுந்து அஞ்சலை இறக்குகிறது. தாமதம் ஒரு சில நொடிதான். வெறுமனே காத்திருக்கும்போது ஓடும் தரவும் மிகக் குறைவு. லினக்ஸ் அல்லது மேக் கணினி ஒன்று அருகில் இருந்தால், எந்த மென்பொருளும் நடுவில் இல்லாமல் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் வரி இணைப்பைத் திறக்கும். மற்றவை நாம் அடிப்பவையும் சர்வர் சொல்வனவற்றில் முக்கியமானவையும்:

```
openssl s_client -quiet -crlf -connect mail.example.com:993
a1 LOGIN docs@example.com PASSWORD
a2 CAPABILITY
a3 SELECT INBOX
a4 IDLE
+ idling
* 1843 EXISTS
DONE
```

a2-க்கான பதிலில் IDLE என்ற சொல் இல்லாவிட்டால் அந்தச் சர்வரில் புஷ் கிடையாது; விவாதம் அங்கேயே முடிந்தது. இருந்தால், a4 கொடுத்துவிட்டு கைப்பேசியிலிருந்து ஒரு சோதனை அஞ்சல் அனுப்ப வேண்டும். EXISTS வரி உடனே தோன்றும். அத்துடன் நிறுத்துபவர்கள்தான் பலர். சோதனையின் முக்கியமான பாதி இனிமேல்தான்: எதையும் தொடாமல் 20 நிமிடம் விட்டுவிட்டு மீண்டும் ஓர் அஞ்சல் அனுப்ப வேண்டும். வெப்மெயிலில் அது தெரிந்து, இங்கே வரி வராமல் போனால், நடுவில் ஏதோ ஒன்று இணைப்பைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது.

வெட்டுவது பெரும்பாலும் ரௌட்டர். உள்ளே இருக்கும் பல கணினிகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிரும் சாதனம் எதுவும், எந்த இணைப்பு யாருடையது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சிறிது நேரம் எதுவும் ஓடாத இணைப்பை அது பட்டியலிலிருந்து அழித்துவிடும். அப்படி அழிக்கும்போது இருபுறமும் தகவல் சொல்வதில்லை. சர்வர் அனுப்பும் வரி வழியில் மறைகிறது. கணினியோ இணைப்பு உயிருடன் இருப்பதாக நம்பிக் காத்திருக்கிறது. `IDLE` கட்டளையை 29 நிமிடத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும் என்று வரையறை சொல்வதால், இறந்த இணைப்பு சில சமயம் அந்த 29 நிமிடம் வரை கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும். அதாவது, 30 நிமிடத் தாமதத்திலிருந்து தப்பிக்க புஷ்ஷுக்கு மாறியவர், கிட்டத்தட்ட அதே தாமதத்துக்கே திரும்புகிறார். இம்முறை அது எப்போது நேரும் என்பதும் தெரியாது. சில சர்வர்கள் இதைத் தடுக்கின்றன. பரவலாகப் பயன்படும் டவ்காட் என்ற சர்வர் மென்பொருள் இயல்பாகவே இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை `* OK Still here` என்று ஒரு வரி அனுப்புகிறது. அதுவே ரௌட்டரின் பட்டியலில் இணைப்பை உயிரோடு வைத்திருக்கப் பெரும்பாலும் போதும்.

நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. பழைய கட்டடங்களில் கணினிகள் யூ.பி.எஸ்.ஸில் இருக்கும், இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ரௌட்டர் மட்டும் சுவரில் நேரடி மின்சாரத்தில் இருக்கும். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் ரௌட்டர் மறுதொடக்கம் ஆகி, பட்டியல் முழுவதும் அழிந்து, வெளி முகவரியும் மாறிவிடலாம். கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவே யூ.பி.எஸ்.ஸில் இயங்கும் ஒரு ஸ்விட்ச் இருந்தால், கணினிக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. கணினி உறக்கத்திலிருந்து எழும்போதும் சில சமயம் இதே கதைதான். ரௌட்டரையும் யூ.பி.எஸ்.ஸில் சேர்ப்பது, எந்த மென்பொருள் அமைப்பையும்விட மலிவான திருத்தம்.

இங்கேதான் இடைவெளிச் சோதனை தன் உண்மையான வேலைக்கு வருகிறது. புஷ்ஷை இயக்கிவிட்டு, 10 நிமிடச் சோதனையையும் அணைக்காமல் விட்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கணினி அதே இணைப்பில் ஏதேனும் ஒன்றை அனுப்புகிறது. ரௌட்டரின் பட்டியலை அது புதுப்பிக்கிறது. இணைப்பு ஏற்கெனவே இறந்திருந்தால், பதில் வராததால் அது வெளிப்பட்டு, கணினி புதிதாக இணைகிறது. அந்தப் பத்து நிமிடம் புஷ்ஷுக்குக் காவல். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்பின் "Server Settings" பக்கத்தில் "Check for new messages every" என்பதும் "Allow immediate server notifications when new messages arrive" என்பதும் தனித்தனிப் பெட்டிகளாக இருப்பது இதற்குத்தான் வசதி. இரண்டையும் டிக் செய்யலாம், செய்ய வேண்டும். புஷ் வந்துவிட்டதே என்று முதல் டிக்கை எடுத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறான சிக்கனம்.

புஷ்ஷின் அடுத்த எல்லை கோப்புறை. `IDLE` ஓர் இணைப்பில் ஒரு கோப்புறையை மட்டுமே கவனிக்கும். வழக்கமாக அது இன்பாக்ஸ். கப்பல் நிறுவனங்களின் அஞ்சல்களைச் சர்வரிலேயே ஒரு விதி பிரித்து "டி.ஓ." என்ற கோப்புறைக்கு அனுப்பினால், அவை இன்பாக்ஸைத் தொடுவதே இல்லை, புஷ் எழுவதும் இல்லை. ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பிரித்த கோப்புறைதான் தாமதமாகத் தெரியும் கோப்புறையாகிறது. தண்டர்பேர்டில் அந்தக் கோப்புறையின் Properties-இல் "When getting new messages for this account, always check this folder" என்பதை டிக் செய்தால் 10 நிமிடச் சோதனையிலாவது அது சேரும். அதைவிட நல்லது, அவசர அஞ்சல்களைச் சர்வர் பிரிக்காமல் இன்பாக்ஸிலேயே இறங்கவிட்டு, கணினியில் உள்ள வடிகட்டியால் பிறகு நகர்த்துவது. பகிரும் பெட்டியாக இருந்தால் அந்த வடிகட்டி ஒரு கணினியில் மட்டும் இருக்க வேண்டும். மூன்றிலும் இருந்தால் ஒன்று நகர்த்தியதை மற்றொன்று தேடும்.

மூன்றாவது எல்லை இணைப்புகளின் எண்ணிக்கை. இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். மண்ணடியில் நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் மூன்று மேசைகள், ஆவணங்களுக்கென்று ஒரு பொதுப் பெட்டி, அதே வைஃபையில் முதலாளியின் கைப்பேசி. தண்டர்பேர்ட் ஒவ்வொன்றும் ஒரு கணக்குக்கு 5 இணைப்புகள் வரை திறந்து வைத்திருக்கும், மூன்றுக்கும் 15. டவ்காட் சர்வரோ, ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரே பயனருக்கு இயல்பாக 10 இணைப்புகளைத்தான் அனுமதிக்கிறது. அலுவலகம் முழுவதும் வெளியே ஒரே முகவரியாகத் தெரிவதால், காலையில் மூவரும் நாலைந்து கோப்புறைகளைத் திறந்ததும் எல்லை தாண்டிவிடும். அப்போது வரும் செய்தி இது:

```
Maximum number of connections from user+IP exceeded
```

யாருக்கு இந்தச் செய்தி வரும் என்பது யார் கடைசியாகக் கணினியைத் திறந்தார் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரு நாள் ஒரு மேசையிலும் மறுநாள் வேறு மேசையிலும் கோளாறு தோன்றி, கணினியின் மீதே சந்தேகம் விழும். "Server Settings" பக்கத்தில் Advanced என்பதைத் திறந்து, "Maximum number of server connections to cache" என்பதை 5-லிருந்து 2 ஆக்கினால் மூன்று மேசைக்கும் 6, கைப்பேசிக்கு மீதி 4. இன்பாக்ஸைக் கவனிக்க ஒன்று, பிற கோப்புறைகளைத் திறக்க ஒன்று என்று அந்த இரண்டு போதும். ஜிமெயிலில் எல்லை வேறு: முகவரி எதுவானாலும் ஒரு கணக்குக்கு ஒரே சமயத்தில் 15 ஐமேப் இணைப்புகள். ஆகவே, அங்கே வீட்டு மடிக்கணினியும் கணக்கில் சேரும்.

எக்ஸ்சேஞ்ச் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே பெரிதும் தேவையில்லை. பழைய அவுட்லுக்கில் அந்த வகைக் கணக்கின் அஞ்சல்கள் சர்வரின் அறிவிப்பில்தான் இறங்குகின்றன. Ctrl+Alt+S-இல் 30-ஐ 1 ஆக்கினாலும் அஞ்சல் அதனால் விரைவதில்லை. கோப்புறை எல்லையும் அங்கே இல்லை. ஆனால் ஆள் ஒன்றுக்கு மாதந்தோறும் கட்டணம். மூன்று மேசை அலுவலகத்தில் தாமதத்துக்காக மட்டும் அதை வாங்குவது மிகை.

அனுப்பும் பக்கத்தை மறந்துவிடக் கூடாது, ஏனெனில் புஷ் அதைத் தொடுவதே இல்லை. பழைய அவுட்லுக்கில் File, Options, Advanced என்ற வழியில் "Send immediately when connected" என்று ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் இல்லாவிட்டால், Send அழுத்திய அஞ்சல் அடுத்த சோதனை வரை அவுட்பாக்ஸில் காத்திருக்கும். முன்பு டயல்-அப் காலத்தில் அதை எடுத்துவிட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பழைய அமைப்பு கணினி மாறும்போதெல்லாம் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதும் உண்டு. பி.எல். திருத்தம் போய் வரும் நான்கு சுற்றில் வரவின் தாமதத்தோடு இதுவும் சேர்ந்தால், நாம் மேலே போட்ட ஒரு மணி நேரம் இரட்டிப்பாகிறது. இந்த ஒரு டிக், பாப்பில் நீடிப்பவருக்கும் இன்றே செய்யக்கூடியது.

அந்த மண்ணடி அலுவலகத்துக்கு எடுத்த முடிவு ஒரே அமைப்பாக இல்லை. ஆவணப் பெட்டி பாப்பிலிருந்து ஐமேப்புக்கு மாறியது. மூன்று மேசைகளிலும் புஷ், கூடவே 10 நிமிடச் சோதனை, இணைப்பு 2. கணக்குப் பிரிவின் பெட்டிக்கு வருவன பில்களும் வங்கி அறிவிப்புகளும். அதற்குப் புஷ் போடவில்லை, 15 நிமிடச் சோதனை மட்டும். நிமிடத்துக்கு நிமிடம் எழும் அறிவிப்பு அந்த மேசையில் வேலையைக் கெடுக்கும் என்பதும் இதில் ஒரு காரணம். முதலாளியின் வீட்டு மடிக்கணினியில் 30 நிமிடம் அப்படியே விடப்பட்டது, அவருக்குக் கைப்பேசி போதும். எண்ணூர் பக்கம் சி.எஃப்.எஸ்.ஸில் உட்கார்ந்து வேலை செய்பவரின் மடிக்கணினி கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இயங்குகிறது. கைப்பேசி நிறுவனங்களின் முகவரிப் பகிர்வு, பேசாத இணைப்பை வீட்டு ரௌட்டரைவிட விரைவாக மறந்துவிடக்கூடியது; சிக்னலும் சுவருக்குச் சுவர் மாறும். அங்கே புஷ்ஷை நம்பாமல் 5 நிமிடச் சோதனை வைத்தோம். ஐமேப்பில் அந்தச் சோதனை இலேசானது, பாப் போல் 9,000 வரி இறங்காது.

ஓ.டி.பி. அஞ்சலில் வரும் தளங்களுக்கு இடைவெளிச் சோதனை எதுவும் பொருந்தாது. அந்த எண் சில நிமிடத்தில் காலாவதியாகிவிடும். 5 நிமிட இடைவெளிகூடச் சில நாள் பிந்திவிடும். அத்தகைய தளத்தில் பதிந்துள்ள முகவரி புஷ் உள்ள பெட்டியாக இருக்க வேண்டும், அதுவும் கோப்புறைக்குப் பிரிக்கப்படாமல் இன்பாக்ஸில் இறங்க வேண்டும். இல்லையென்றால் மேசைக்காரர் F9-ஐத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மாற்றிய பிறகு ஒரு வாரம் தலைப்புப் பகுதியின் மேல் Received வரியையும் அறிவிப்பு தோன்றிய நேரத்தையும் தினமும் சில அஞ்சல்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் நொடிக் கணக்கில் இருந்தால் புஷ் வேலை செய்கிறது. பத்து நிமிடத்துக்குள் கண்டபடி சிதறி இருந்தால் புஷ் இறந்துவிட்டது, காவல் மட்டுமே ஓடுகிறது. அப்போது ரௌட்டர், அஞ்சலை நடுவில் நின்று சோதிக்கும் ஆன்டிவைரஸ் கவசம், உறக்க அமைப்பு என்ற வரிசையில் தேட வேண்டும். ஆன்டிவைரஸின் அந்தக் கவசத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு ஒரு சோதனை அஞ்சல் அனுப்பினால், குற்றவாளி அதுவா இல்லையா என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் பத்து நிமிடத்தையும் தாண்டினால் அந்தக் கோப்புறையை எதுவுமே கவனிக்கவில்லை. பெரும்பாலும் சர்வரில் யாரோ முன்பு எழுதி மறந்துபோன ஒரு விதி அஞ்சலை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வெப்மெயிலில் நுழைந்து வடிகட்டிகளின் பட்டியலைத் திறந்தால் அது அங்கே இருக்கும்.